கொட்டகையில் நிற்கும் நட்டமும் கணக்கில் ஏறாத லாபமும்

கணக்கு எழுதுகிறவர்கள் மேல் தொழில் செய்பவர்களுக்கு ஒரு நிரந்தரப் புகார் உண்டு. நட்டம் வரப்போகிறது என்று வாசனை வந்தாலே இன்றைக்கே எழுதிவிடுகிறோம். லாபம் வரப்போகிறது என்று யார் சத்தியம் செய்தாலும், வரட்டும், பார்க்கலாம் என்கிறோம். ஒரு பக்கம் அவசரம், மறுபக்கம் பொறுமை. எனக்கும் பல வருடங்கள் இது பரீட்சைக்குப் படித்த விதியாகத்தான் இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் புத்தக வாக்கியம் மட்டும்தான் இருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழப் பல்ப் ஃபேக்டரியின் 2024-25 கணக்கை முடிக்கும்போதுதான் இந்த விதியை அதன் உரிமையாளரிடம் வரிக்கு வரி நியாயப்படுத்த வேண்டி வந்தது. மார்ச் 31 தாண்டி ஆறு மாதம் அந்த ஒரு விஷயத்தையே பேசிக்கொண்டிருந்தோம்.

நம் ஊரில் பல்ப் தொழில் எப்படி நடக்கிறது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். மே மாதம் தொடங்கி ஜூலை வரை பழம் வரும், இரவு பகலாகக் கூழ் எடுப்பார்கள், மீதி ஒன்பது மாதம் விற்பார்கள். கணக்குக்கு முக்கியமான விஷயம் ஒன்றுதான். மார்ச் 31 அன்று கொட்டகையில் நிற்பது போன சீசன் சரக்கு. அடுத்த சீசன் பழம் அப்போது மரத்தில் எலுமிச்சை அளவில் தொங்கிக்கொண்டிருக்கும். பழைய சரக்கின் விலையை அந்தப் பிஞ்சுதான் தீர்மானிக்கப் போகிறது.

அண்ணன் (உரிமையாளரை அப்படித்தான் கூப்பிடுவேன்) 2024 சீசனில் பெங்களூரா பழத்தைக் கிலோ 24 ரூபாய்க்கு வாங்கினார். விளைச்சல் குறைந்த வருடம். ஒரு கிலோ கூழுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ பழம் போகும், ஆக பழத்துக்கே 48 ரூபாய். கூலி, பாய்லர் செலவு, பை, டிரம் எல்லாம் சேர்த்து இன்னொரு 20. அடக்க விலை கிலோ 68 ரூபாய். ஒரு டிரம்மில் 215 கிலோ. மார்ச் 31 அன்று 400 டிரம் இருந்தது. அடக்க விலைப்படி 58 லட்சத்து 48 ஆயிரம் ரூபாய்ச் சரக்கு.

இந்த நானூறில் 150 டிரம்முக்கு ஒரு ஜூஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்தது. கிலோ 75 ரூபாய், மே மாதம் அனுப்ப வேண்டும். லாரி வாடகை, தரகு போக கைக்கு 72 நிற்கும். மீதி 250 டிரம்முக்கு ஆள் இல்லை. மார்ச் கடைசி வாரத்தில் தரகர் சொன்ன விலை 64, செலவு போக 62.

நாம் பின்பற்றும் கணக்குத் தரநிலை, ஏஎஸ் 2, சரக்கு இருப்பை அடக்க விலை, விற்றால் செலவு போகக் கைக்கு வரும் விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதில் எழுதச் சொல்கிறது. ஒப்பந்தம் உள்ள சரக்குக்கு ஒப்பந்த விலையைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு மேல் இருப்பதற்குச் சந்தை விலை. ஆகவே 150 டிரம் 68-லேயே நிற்கும். 72 வருவது ஏறக்குறைய உறுதி என்றாலும் அந்த நான்கு ரூபாய், மொத்தமாக 1 லட்சத்து 29 ஆயிரம், கணக்கில் ஏறாது. மற்ற 250 டிரம் 62-க்கு இறங்கும். இன்னும் ஒரு டிரம்கூட விற்கவில்லை, ஆனாலும் கிலோவுக்கு ஆறு ரூபாய், 3 லட்சத்து 22 ஆயிரத்து 500 நட்டம் அன்றைக்கே விழும்.

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. "ஒரே பழம், ஒரே கொட்டகை, ஒரே நாள்ல அடைச்ச டிரம். இந்த வரிசையில லாபம் இருக்கு, அந்த வரிசையில நட்டம் இருக்கு. கூட்டிக் கழிச்சுப் போடு தம்பி." கூட்டிக் கழிக்க முடியாது என்றேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். லாபத்தை வைத்து நட்டத்தை மூட அனுமதித்தால், விலை இறங்கிய சரக்கு எப்போதும் விலை ஏறிய சரக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். வெளியிலிருந்து பாலன்ஸ் ஷீட் படிப்பவருக்கு அது கண்ணில் படவே படாது.

இதுவரை நடந்தது சாதாரணத் தகராறுதான். பூவைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகுதான் அது வேறு தளத்துக்குப் போனது.

பூவைப் பார்த்தவர்கள்

கணக்கை ஆடிட்டர் கையெழுத்துக்கு எடுத்துப் போனது செப்டம்பரில். அதற்குள் 250 டிரம்மும் விற்றாகிவிட்டது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் 30 டிரம் கிலோ 58-க்குப் போனது. மீதி 220 டிரம் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் 52-க்குத்தான் போனது. 2025 சீசன் எப்படி இருந்தது என்று நம் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரா கிலோ நான்கு, ஐந்து ரூபாய்க்கு வந்து, பறிக்கும் கூலிக்குக் கட்டாது என்று பழத்தை மரத்திலேயே விட்டவர்களும் உண்டு. பழம் அந்த விலைக்குக் கிடைக்கும்போது போன வருடக் கூழை 64-க்கு யார் வாங்குவார்கள்?

ஆடிட்டர் கேட்டார்: மார்ச் 31-ல் 64 என்று எழுதியிருக்கிறீர்கள், உண்மையில் 52-க்குத்தானே விற்றது, 52-ஐ ஏன் எடுக்கக்கூடாது? அண்ணனின் பதில் உடனே வந்தது. அது ஜூன் மாதத்துக் கதை, அடுத்த வருடக் கணக்கில் போகட்டும், மார்ச் 31 அன்று பழம் நான்கு ரூபாய்க்கு வரும் என்று யாருக்குத் தெரியும்?

இந்த இடத்தில் தரநிலை சொல்வதை நிதானமாகப் படிக்க வேண்டும். கணக்கு முடிந்த தேதிக்குப் பிறகு நடந்த விலை மாற்றத்தையெல்லாம் முந்திய வருடத்தில் இழுத்துப் போடச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது, மார்ச் 31 அன்றே இருந்த நிலைமையை உறுதிப்படுத்துகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. உறுதிப்படுத்தினால் அந்த வருடத்திலேயே எழுத வேண்டும். புதிதாக முளைத்த சங்கதி என்றால் அடுத்த வருடம். மே மாதம் ஒரு நாடு திடீரென இறக்குமதியைத் தடை செய்தது, அதனால் விலை விழுந்தது என்றால் அது புதிது. மார்ச் 31 அன்று அந்தத் தடை இல்லை, அதைப் பின்னோக்கி இழுப்பது எச்சரிக்கை ஆகாது, வெறும் பிழை.

அப்படியானால் கேள்வி விலையைப் பற்றியது அல்ல. மார்ச் 31 அன்று என்ன நிலைமை இருந்தது என்பதைப் பற்றியது. இதற்கு ஆதாரம் கம்ப்யூட்டரில் இல்லை. ஃபேக்டரியில் பழக் கொள்முதல் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் உட்கார்ந்தேன். போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம் தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் எப்போது பணம் பேசுகிறார்கள் என்று கேட்டேன். "பூ பார்த்துத்தான் பேசுவாங்க. இந்த வருசம் பிப்ரவரியிலேயே பூ கொட்டிக் கிடந்துச்சு. குத்தகை விலை முன்னைக்கு இப்ப பாதிகூடப் பேசல. ஃபேக்டரிக்காரங்க எல்லாருகிட்டயும் பழைய டிரம் நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாதா சார்?"

எனக்கு அதோடு விஷயம் தெளிந்துவிட்டது. பூ பிப்ரவரியில் வந்தது. மற்ற ஃபேக்டரிகளில் விற்காத சரக்கு மார்ச்சிலேயே நின்றது. பழத்தோடு சம்பந்தப்பட்ட எல்லோரும் அதை வைத்துத்தான் பணம் பேசினார்கள். தரகர் சொன்ன 64-கூடச் சும்மா சொன்ன விலைதான். அந்த விலைக்கு எத்தனை டிரம் எடுத்துக்கொள்வார் என்று அண்ணன் கேட்டபோது, புது சீசன் வரட்டும், பார்க்கலாம் என்று தரகர் வாட்ஸாப்பில் அனுப்பிய பதில் மார்ச் 28 தேதியிட்டு ஃபோனிலேயே இருந்தது. விலை சொல்வது வேறு, அந்த விலைக்கு வாங்குவது வேறு. ஏப்ரலில் ஒரு பழம்கூட ஃபேக்டரிக்குள் வருவதற்கு முன்பே 58-க்கு விற்ற பில், கதையின் மீதியைச் சொன்னது. ஜூன் விலை வானத்திலிருந்து விழவில்லை.

ஆகவே நடந்த விற்பனை விலைகளையே எடுத்தோம். 30 டிரம்முக்குச் செலவு போக 56, 220 டிரம்முக்கு 50. அடக்க விலையிலிருந்து கழித்தால் மொத்த நட்டம் 9 லட்சத்து 28 ஆயிரத்து 800. மார்ச் விலையை நம்பியிருந்தால் மூன்றேகால் லட்சத்தோடு நின்றிருக்கும்.

இந்த முடிவோடு எல்லோரும் ஒத்துப்போக மாட்டார்கள் என்று தெரியும். இங்கே தொழில்முறைக் கணக்கர்களே இரண்டு பக்கமும் பேசலாம். 58 வரை மார்ச் நிலைமை, அதற்குக் கீழே போன ஆறு ரூபாய் சீசனில் நடந்த கூத்து என்று பிரிப்பவர்களை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரிப்பதற்கு ஒரு ஆதாரம் காட்ட வேண்டும். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை.

பேங்க்காரரின் நாற்காலி

அண்ணன் அந்த ஒன்பது லட்சத்தை அவ்வளவு எதிர்த்ததற்குக் காரணம் வரி அல்ல. வரிக்கு அது நல்லதுதான், லாபம் குறையும். காரணம் சரக்கை ஈடாகக் காட்டி பேங்கில் எடுக்கும் கேஷ் கிரெடிட் கடன். ஃபேக்டரி மாதாமாதம் பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்கிறது. அதில் 25 சதவீதம் மார்ஜின் போக மீதி 75 சதவீதம் வரை பணம் எடுக்கலாம். சரக்கு மதிப்பு ஒன்பது லட்சத்துச் சொச்சம் குறைந்தால் எடுக்கக்கூடிய தொகை ஏறக்குறைய ஏழு லட்சம் குறையும். புது சீசனுக்குப் பழம் வாங்கப் பணம் தேவைப்படும் தொழிலில் ஏழு லட்சம் சாதாரணம் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கே இந்த விதியின் அர்த்தம் பிடிபட்டது. அண்ணனின் நாற்காலியிலிருந்து பார்த்தால் லாபமும் நட்டமும் ஒரே எடை. விலை 90-க்குப் போனால் அவருக்கு, 50-க்கு வந்தாலும் அவருக்கு. பேங்க்காரரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து பாருங்கள். கூழ் 90-க்கு விற்றாலும் அவருக்கு வரப்போவது அதே வட்டி. 50-க்கு விழுந்தால் அவர் கொடுத்த பணத்துக்குப் பின்னால் நிற்கும் சரக்கே கரைகிறது. நல்ல சேதியால் அவருக்கு எதுவும் கூடாது, கெட்ட சேதியால் எல்லாம் குறையலாம். கணக்கைப் படித்துக் கடன் கொடுப்பவருடைய கவலையே ஒரு பக்கம் சாய்ந்தது. அவருக்காக எழுதப்படும் கணக்கும் அதே பக்கம் சாய்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது கொஞ்சம் கசப்பானது. கொட்டகைக்குள் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர் உரிமையாளர் ஒருவர்தான். நல்ல சேதியை அவர் கேட்காமலேயே சொல்வார். கெட்ட சேதியை, கடைசி வரை முடிந்தால் சொல்ல மாட்டார். இது அண்ணனின் குணம் என்று சொல்லவில்லை, அந்த இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான். அதனால் நல்ல சேதிக்கு அதிக ஆதாரம் கேட்டு, கெட்ட சேதியைக் குறைந்த ஆதாரத்திலேயே ஏற்றுக்கொள்கிற விதி இரண்டு பக்கத்தையும் ஓரளவு சரிக்கட்டுகிறது.

அப்புறம் பணம் வெளியே போகும் விஷயம். லாபம் என்று எழுதிவிட்டால் அதற்கு வரி உண்டு, பங்குதாரர்கள் பங்கு கேட்பார்கள், வேலைக்காரர்கள் போனஸ் கேட்பார்கள். பிறகு அந்த லாபம் வரவில்லை என்றால் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. முன்கூட்டி எழுதிய நட்டம் வரவில்லை என்றால், அடுத்த வருடம் லாபமாகத் திரும்பிவிடும், யாருக்கும் பெரிய பாதகம் இல்லை.

தொப்பூரில் கவிழ்ந்த லாரி

அதே வருடக் கணக்கில் இன்னொரு விஷயம் இருந்தது. பிப்ரவரியில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போன லாரி ஒன்று தொப்பூர் கணவாயில் கவிழ்ந்து, 80 டிரம் போய்விட்டது. கப்பலில் ஏற்றும் வரை சரக்கு எங்கள் பொறுப்பு என்பதால் நட்டம் எங்களுக்கு, அடக்க விலைப்படி 11 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. இன்சூரன்ஸ் இருந்தது. சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், கோரிக்கைத் தாளில் கையெழுத்தாயிற்று. மார்ச் 31 வரை பதில் இல்லை. செப்டம்பர் வரையும் இல்லை.

சரக்கு போனது போனதுதான், அது முழுவதும் செலவில் ஏறியது. இன்சூரன்ஸ் பணத்தை வரவாக எழுதவில்லை. இங்கே ஏஎஸ் 29 வைக்கும் அளவுகோல் கவனிக்கத்தக்கது. நம் தலையில் விழக்கூடிய ஒரு பொறுப்புக்கு, விழாமல் போவதைவிட விழுவதற்கு வாய்ப்பு அதிகம் என்றாலே ஒதுக்கீடு செய்துவிட வேண்டும். நம் கைக்கு வரக்கூடிய ஒன்றை எழுத வேண்டுமென்றால் அது வருவது ஏறக்குறைய நிச்சயம் என்ற நிலை வேண்டும். ஐம்பத்தொரு சதவீத நட்டத்தை எழுதலாம், தொண்ணூறு சதவீத லாபத்தை எழுத முடியாது என்று தோராயமாகச் சொல்லிப் புரியவைத்தேன் (தரநிலையில் சதவீதம் எதுவும் இல்லை, இது நான் அண்ணனுக்காகப் போட்ட கணக்கு). பாலிசி செல்லும்தானே, பிறகு ஏன் சந்தேகம் என்றார். பாலிசி செல்லும். ஆனால் டிரைவர் உரிமம், லோடு அளவு, கட்டியிருந்த விதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி எதை வேண்டுமானாலும் கேட்டு, தொகையைக் குறைக்க இடம் இருந்தது. அக்டோபரில் ஒப்புதல் கடிதம் வந்தது, கேட்டதைவிடக் குறைவான தொகைக்கு. அதை 2025-26 கணக்கில் வரவு வைத்தோம்.

வருமான வரிக்கு இதே விதிகள் அப்படியே ஓடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரிக்கென்று தனியாக இருக்கும் கணக்கிடும் தரநிலைகள், எதிர்பார்க்கும் நட்டங்களைப் பொதுவாக ஏற்பதில்லை. வரவைப் பொறுத்தவரை, ஏறக்குறைய நிச்சயம் என்பதற்குப் பதிலாக நியாயமான அளவு நிச்சயம் என்றாலே போதும் என்கின்றன. அரசாங்கத்துக்குப் பயம் வேறு பக்கம், அதனால் சாய்வும் வேறு பக்கம். சரக்கு இருப்புக்கு மட்டும் அங்கேயும் அடக்க விலை அல்லது விற்று வரும் விலை, எது குறைவோ அதுதான்.

எச்சரிக்கை எங்கே ஏமாற்று ஆகிறது

எச்சரிக்கை என்ற பெயரில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்து எழுதலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் என் தொழிலிலேயே இருக்கிறார்கள். நட்டத்தைக் கூடுதலாக எழுதியதற்கு யாரும் நம்மைக் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை, நட்டத்தைக் குறைத்து எழுதினால்தான் வம்பு என்பது அவர்கள் கணக்கு. நல்ல வருடத்தில் தேவைக்கு மேல் நட்டம் எழுதி ஒளித்து வைத்தால், மோசமான வருடத்தில் அதைத் திறந்து லாபமாகக் காட்டலாம். பேங்குக்காரருக்கு வருடா வருடம் ஒரே சீரான கம்பெனி தெரியும், உண்மையில் அது மூழ்கிக்கொண்டிருக்கும். உலகத் தரநிலைகளை வகுக்கும் ஐஏஎஸ்பி 2010-ல் தன் அடிப்படைச் சட்டகத்திலிருந்து இந்த முன்னெச்சரிக்கைச் சொல்லையே எடுத்துவிட்டதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். பலர் எதிர்த்த பிறகு 2018-ல் அது திரும்பி வந்தது. ஆனால் வரும்போது நிபந்தனையோடு வந்தது: தெளிவில்லாத இடத்தில் கவனமாக மதிப்பிட வேண்டும், வேண்டுமென்றே சொத்தைக் குறைத்தோ கடனைக் கூட்டியோ காட்டக்கூடாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, போன வருடம் குறைத்து எழுதிய சரக்கு இந்த வருடம் என்ன விலைக்குப் போனது என்று பில்லோடு ஒப்பிடுவது. குறைத்த விலையை ஒட்டிப் போயிருந்தால் அது மதிப்பீடு. வருடா வருடம் குறைத்த விலைக்கு மேல் போய், மொத்த லாபச் சதவீதம் ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் துள்ளினால், அங்கே யாரோ பணத்தை ஒரு வருடத்திலிருந்து இன்னொரு வருடத்துக்கு நகர்த்துகிறார்கள்.

அண்ணனுக்கு 2025 சீசன் வேறு மாதிரி அமைந்தது. பழம் ஐந்து ரூபாய்க்கு வாங்கியதால் கூழின் அடக்க விலை கிலோ 30 ரூபாய்தான். வருடம் முழுக்க நல்ல லாபம். கணக்கு முடிக்கும் நேரத்தில் ஃபோன் செய்தார், குரலில் ஒரு தெளிவு. மீதி இருக்கும் சரக்கை 25 ரூபாய்க்குப் போட்டுவிடலாம், போன தடவை சொன்னீர்களே முன்னெச்சரிக்கை, அதுதான் என்றார். வரி கொஞ்சம் குறையும், அதுவும் ஒரு காரணம்தான் என்று மறைக்காமல் சொன்னார்.

"இப்ப என்ன விலைக்குக் கேக்கறாங்க அண்ணா?"

"நாப்பத்தி நாலு. ரெண்டு பேர் அட்வான்ஸே குடுத்துட்டாங்க."

அப்படியானால் முப்பதுதான் எழுத முடியும் என்றேன். பூ எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன், சுமார்தான் என்றார்.